விலையைக் கூட்டி ஆறால் வகுத்த வாரம்

கோயம்பேட்டில் என் மாமாவுக்கு வெங்காய மண்டி. பெல்லாரிதான் முக்கியச் சரக்கு. அன்றாட வரத்து, விற்பனை, விலை, கழிவு எல்லாவற்றையும் கடைப் பையன் எக்செல்லில் ஏற்றிவிடுவான். வாரக் கடைசியில் அதை ஒரே பக்கத்துக்குச் சுருக்கித் தருவது என் வேலை. முதல் தாளைப் படித்துவிட்டு மாமா சொன்னார்: "உன் கணக்குல லாபம் இருக்கும்மா, கல்லாவுல காணோமே."

அந்த வாரம் விலை நன்றாக ஆடியது. திங்கள் 32 ரூபாய், செவ்வாய் 30. புதனும் வியாழனும் லோடு வராததால் 36, 38 என்று ஏறியது. வெள்ளி சரக்கு குவிந்து 28, சனி 26. ஆறையும் கூட்டி ஆறால் வகுத்து, சராசரி 31.67 என்று போட்டிருந்தேன். அடக்க விலை 28.50. கிலோவுக்கு மூன்று ரூபாய்க்கு மேல் நிற்பதாகத் தாள் சொன்னது.

தப்பு எங்கே என்றால், 38 ரூபாய் விற்ற வியாழனன்று போனது வெறும் 1,000 கிலோ. 26 ரூபாய் விற்ற சனியன்று போனது 6,000 கிலோ. இரண்டையும் சமமாக எடுத்திருந்தேன். விலை ஏறுவதே சரக்கு இல்லாததால்தானே. அந்த உயர்ந்த விலைக்கு விற்கக் கடையில் மூட்டை இருக்காது. அதனால் விலையை மட்டும் கூட்டி வகுத்தால் சராசரி பெரும்பாலும் கூடுதலாகத்தான் காட்டும். ஒவ்வொரு வரியிலும் கிலோவை விலையால் பெருக்கி G பத்தியில் தொகையாக வைத்தேன். பிறகு வாரத் தொகையை வார எடையால் வகுத்தேன்:

```
=SUMIFS(G:G,A:A,">="&J1,A:A,"<="&J2,B:B,J3)
/SUMIFS(E:E,A:A,">="&J1,A:A,"<="&J2,B:B,J3)
```

A தேதி, B சரக்கு, E கிலோ. J1, J2 வாரத்தின் முதல், கடைசி நாள். J3 சரக்கின் பெயர். 20,000 கிலோவுக்கு 5,88,000 ரூபாய். ஆக சராசரி 29.40. கிலோவுக்கு நின்றது 90 காசு, மொத்தம் 18,000 ரூபாய். மாமாவின் கல்லா சொன்னதுதான் சரி.

இந்தச் சூத்திரம் சத்தமில்லாமல் ஏமாற்றும் இடமும் உண்டு. பையன் சில நாள் தேதியை 3.6.24 என்று புள்ளி வைத்து அடித்திருந்தான். எங்கள் கணினி அதைத் தேதியாக எடுக்காமல் வெறும் எழுத்தாக வைத்துக்கொண்டது, அந்த வரி கூட்டலில் சேரவே இல்லை. பிழை என்று எதுவும் காட்டாது. தேதி செல்லின் இடப்பக்கம் ஒட்டி நின்றால் எழுத்து, வலப்பக்கம் நின்றால் தேதி; இப்போது முதலில் அதைத்தான் பார்க்கிறேன். இரவு 11 மணிக்கு இறங்கும் லோடு விடிகாலை 3 மணிக்கு விற்கும் என்பதால், மாலை 6 மணிக்கு மேல் வருவதை மறுநாள் வரத்தாகவே எழுதச் சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் ஞாயிறு இரவு வந்த சரக்கு ஒரு வாரத்திலும் அதன் விற்பனை அடுத்த வாரத்திலும் போய் உட்காரும்.

அடுத்தது இருப்பு. தொடக்கத்தில் 2,500 கிலோ, வரத்து 21,000, விற்பனை 20,000, பையன் எழுதிய கழிவு 100. மீதி 3,400 கிலோ, அதாவது ஐம்பது கிலோ மூட்டை 68. ஞாயிறு காலை எண்ணினோம், சரியாக 68 இருந்தது. எனக்கு நிம்மதி. மாமாதான் மூட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தராசுல வைம்மா" என்றார்.

பழைய லோடில் 23 மூட்டை இருந்தது. வைத்துப் பார்த்தவை 49 கிலோவுக்கு நின்றன. வெள்ளிக்கிழமை வந்த 45 மூட்டையிலிருந்து எடுத்தவை 46 கிலோதான். தார்ப்பாய் கிழிந்து மழையில் நனைந்து வந்த லோடு அது. ஈரத்தோடு 50 கிலோ என்று எடை போட்டு வாங்கியிருக்கிறோம். இரண்டு நாளில் தண்ணீர் வடிந்து காய்ந்துவிட்டது. கணக்குப்படி உள்ளது 3,197 கிலோ. எண்ணிக்கை சரியாக இருந்தும் 203 கிலோவைக் காணோம். கழிவையும் சேர்த்தால் 303 கிலோ. அடக்க விலைக்கு 8,600 ரூபாய்க்கு மேல். 18,000-இல் கிட்டத்தட்ட பாதி அங்கேயே போய்விட்டது.

அதன்பிறகு ஏட்டில் லோடு எண் என்று ஒரு பத்தி சேர்த்தேன். ஞாயிறு காலை லோடுக்கு ஐந்து மூட்டையாவது தராசில் ஏற்றி, அந்த எடையைத்தான் இருப்பில் போடுகிறேன். வாரத் தாளில் ஏட்டு இருப்பு, தராசு இருப்பு, வித்தியாசம் மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடுத்த முறை ஒரு லோடு நனைந்து வந்தபோது, மாமா அந்தத் தாளை எடுத்துக்காட்டி மூட்டைக்கு 3 கிலோ கழித்துத்தான் சீட்டு போட்டார்.