எக்செல் ஷீட்டை இலவசமாகக் கொடுத்து நான் பட்ட பாடு

சின்ன வியாபாரிகளுக்கு ஜிஎஸ்டி கணக்கு பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். போன வருஷம், நம் திறமை நாலு பேருக்குத் தெரியட்டுமே என்று, சப்ளையர்கள் போட்ட பில்களை ஜிஎஸ்டி போர்ட்டல் காட்டும் 2பி பட்டியலையும் வியாபாரியின் கொள்முதல் பதிவேட்டையும் ஒப்பிடும் என் எக்செல் ஷீட்டை ஃபார்முலாவோடு அப்படியே வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டேன். பாராட்டு குவிந்தது, வேலை ஒன்றுகூட வரவில்லை. வந்ததெல்லாம் 19-ம் தேதி ராத்திரி பதினோரு மணிக்கு, "சார், நம்பர் மேட்ச் ஆகல" என்ற மெசேஜ்தான். மறுநாள் மாத வரிக் கணக்கான 3பி-யைப் போடக் கடைசி நாள், என் சொந்த கிளையண்ட்டுகள் வேலையே முடிந்திருக்காது.

ஒருவர் கார் வாங்கியபோது கொடுத்த வரியையும் கிரெடிட்டாக எடுத்து, தான் கட்ட வேண்டிய வரியில் கழித்துவிட்டு, "உங்க ஷீட்ல பச்சை காட்டுச்சே" என்றார். பச்சை என்றால் பில் 2பி-யில் இருக்கிறது, அவ்வளவுதான். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காருக்கு ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவில் கிரெடிட் கிடையாது என்பது ஷீட்டுக்கு எப்படித் தெரியும்? அதைப் பார்த்துச் சொல்லத்தான் நான் காசு வாங்குகிறேன்.

அதன் பிறகு கருவியை விட்டுவிட்டு, ஒரே ஒரு கேஸை மட்டும் எழுதினேன். புத்தகப்படி கிரெடிட் 1,84,000, 2பி-யில் 1,71,400, இடிப்பது 12,600. இதில் 7,200, சப்ளையர் 11-ம் தேதியைத் தாண்டி தன் விற்பனைக் கணக்கான ஜிஎஸ்டிஆர்-1 போட்டதால் அடுத்த மாத 2பி-க்குப் போய்விட்டது, தானாக வந்துவிடும். மீதி 5,400, இன்னொருவர் நம் ஜிஎஸ்டி எண்ணைப் போடாமல் சில்லறை விற்பனையில் சேர்த்தது. அவர் திருத்தாமல் அது வரவே வராது. எந்த வித்தியாசம் காத்திருந்தால் சரியாகும், எது ஆகாது என்பது வரைக்கும் எழுதினேன். சப்ளையரைத் துரத்தித் திருத்த வைப்பது, பழைய மாதங்களைத் தோண்டுவது எல்லாம் கட்டண வேலை என்று கடைசி வரியில் போட்டேன்.

அதிலும் ஒரு சொதப்பல். ஸ்க்ரீன்ஷாட்டில் கிளையண்ட் பெயரை அழித்த நான் ஜிஎஸ்டி எண்ணை விட்டுவிட்டேன். அதை போர்ட்டலில் தட்டினால் லாகின் இல்லாமலே பெயர் வந்துவிடும், நடுவில் இருக்கும் பத்து எழுத்து அவருடைய பான் எண் வேறு. அன்று வாங்கிய திட்டு இருக்கிறதே! இப்போதெல்லாம் எண்ணையும் தொகையையும் மாற்றி நானே ஒரு மாதிரி பில் தயாரித்துத்தான் படம் போடுகிறேன், அதுவும் கிளையண்ட்டிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.

அந்தப் பதிவு போட்ட மூன்றாம் நாள் ஒரு மரக்கடைக்காரர் கூப்பிட்டார். "எனக்கும் இதே மாதிரி நாப்பதாயிரம் இடிக்குது, சப்ளையர்கிட்ட நீங்களே பேசிடுங்க, எவ்வளவு ஆகும்?" கட்டணத்தை அவரே முதலில் கேட்டார்!

பழைய ஷீட் மட்டும் இன்னும் குழுக்களில் சுற்றுகிறது. போன மாதம்கூட 19-ம் தேதி ராத்திரி ஒரு மெசேஜ் வந்தது.