சாவி பத்தாவது பத்தியில் இருக்கிறது

விமானம் தாமதமாகி, சில நாட்களுக்கு வாடகைக்கு எடுத்திருந்த அடுக்குமாடி வீட்டின் முன் நாங்கள் இறங்கியபோது இரவு மணி 1.20. வீட்டு உரிமையாளர் நேரில் வரமாட்டார், சாவியை நாமே எடுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். எல்லா விவரமும் செய்தியில் இருக்கிறது என்று சாயங்காலமே சொல்லியிருந்தார். டாக்ஸி போன பிறகு ஒரு கையில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தச் செய்தியைத் திறந்தேன். கைப்பேசியில் சார்ஜ் 9 சதவீதம்.

அன்புடன் வரவேற்பதாகத் தொடங்கியது. அப்புறம் வைஃபை கடவுச்சொல். அப்புறம் துணி துவைக்கும் இயந்திரத்தில் எந்தப் பொத்தானை அழுத்தக்கூடாது என்று ஒரு பத்தி. குப்பையைத் தரம் பிரிப்பது பற்றி மூன்று பத்தி, எழுதியவருக்கு அதில் தனி ஈடுபாடு இருந்திருக்க வேண்டும். பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாமாம். உள்ளேயே போகாதவன் எங்கே ஊற்றுவது? தள்ளிக்கொண்டே போனால் ஒருவழியாகப் பத்தாவது பத்தியில் சாவி வந்தது: "வாசலுக்குப் பக்கத்தில் உள்ள பெட்டியில் சாவி இருக்கும். எண் 6091."

எங்கள் எதிரில் வாசலே இல்லை, ஒரு மதில்தான் இருந்தது. வரைபடத்தில் அவர் குத்திய புள்ளி கட்டடத்தின் மேல் இருந்தது. வழிகாட்டும் செயலியோ அந்தப் புள்ளிக்கு எந்தச் சாலை கிட்டமோ அங்கே கொண்டுபோய் விட்டுவிடும். எங்களுக்குக் கிட்டமாக அமைந்தது பின்சந்து. பெட்டிகளை உருட்டிக்கொண்டு சுற்றி வந்தோம். அந்த நேரத்தில் உருளும் சக்கரச் சத்தம் ஊருக்கே கேட்டிருக்கும்.

முன்வாசல் கம்பியில் ஒன்றல்ல, ஒரே மாதிரி மூன்று சாவிப் பெட்டிகள் தொங்கின. முதல் பெட்டியின் ரப்பர் மூடியை இறக்கி, கைப்பேசி வெளிச்சத்தில் சக்கரங்களைத் திருப்பி 6091 வைத்தேன். அசையவில்லை. அடுத்தது. அதுவும் அசையவில்லை.

"என்னங்க, இப்படி ஒவ்வொண்ணா திருகிட்டிருந்தா பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?" என்றாள் மனைவி. மேலே ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தது. நான் ஜன்னலைப் பார்த்துச் சிரித்தேன். யோசித்துப் பார்த்தால், சிரிக்கும் திருடன் இன்னும் மோசம்.

உரிமையாளரை அழைத்தேன். மணி அடித்து அடித்து நின்றது. எந்த நேரமும் அழைக்கலாம் என்றுதான் எழுதியிருந்தார், எடுப்பேன் என்று எழுதவில்லை. கடைசி வரியில் பெயரே இல்லாமல் 'அவசரத்துக்கு' என்று இன்னொரு எண். வீட்டைச் சுத்தம் செய்யும் அம்மாவின் எண் அது. தூக்கக் குரல்தான், ஆனால் பேச்சில் ஒரு சொல் வீணாகவில்லை.

"நடுப் பெட்டி சார். பின்னாடி பச்சை டேப் இருக்கும், பாருங்க. நம்பர் நாலும் கோட்டுக்கு நேரா நிக்கணும், துளி மேல கீழ இருந்தாலும் திறக்காது. மூடியை உள்ள அழுத்திக்கிட்டே பொத்தானைக் கீழ இறக்குங்க. இன்னொரு கையைக் கீழ வெச்சுக்கங்க, சாவி விழும்."

விழுந்தது, கையில். "சக்கரத்தைக் கலைச்சு விட்டுடுங்க சார்" என்றும் நினைவுபடுத்தினார். நியாயம்தான், அப்படியே விட்டால் அடுத்து வருகிறவருக்கு 6091 கண் முன்னே நிற்கும். பெரிய சாவி கீழ்க் கதவுக்கு, சின்னது வீட்டுக்கு. லிஃப்டில் 3ஐ அழுத்த வேண்டும், ஆனால் கதவில் 2 என்றுதான் போட்டிருக்கும். சாவியை இரண்டு சுற்று திருப்ப வேண்டும், ஒரு சுற்றோடு நிறுத்தினால் பூட்டு கெட்டுப்போனது போலத் தோன்றும். இதில் ஒன்றுகூட அந்த நீண்ட செய்தியில் இல்லை.

காலையில் அந்த அம்மா சொன்னதை வந்து சேரும் வரிசையிலேயே எழுதி உரிமையாளருக்கு அனுப்பினேன்:

"டாக்ஸியை முன்வாசல் சாலையில் நிறுத்தச் சொல்லுங்கள், பின்சந்தில் கதவு கிடையாது. கம்பியில் நடுப் பெட்டி, பின்னால் பச்சை டேப். எண் 6091, கோட்டுக்கு நேராக. மூடியை அழுத்தியபடி பொத்தானை இறக்கவும், சாவி கீழே விழும். எடுத்ததும் எண்களைக் கலைத்துவிடவும். பெரிய சாவி கீழ்க் கதவு, சின்னது வீடு. லிஃப்டில் 3, கதவில் 2. இரண்டு சுற்று. இரவு 11க்கு மேல் முதலில் சுத்தம் செய்யும் அம்மாவை அழைக்கவும், அவரிடம் மாற்றுச் சாவி உண்டு. இணையம் இல்லாமல் போகலாம், இதை இப்போதே படமாகச் சேமித்துக்கொள்ளுங்கள்."

அந்த அம்மாவிடம் கேட்காமல் அவரை முதலில் அழைக்கச் சொல்வது சரியில்லை என்பதால் கேட்டுவிட்டுத்தான் போட்டேன். "எப்பவும் என்னைத்தான் கூப்பிடறாங்க சார், எழுதினா என்ன எழுதாட்டி என்ன" என்றார். பெட்டியின் எண்ணை மட்டும் ஒவ்வொரு விருந்தினருக்கும் மாற்றும்படி உரிமையாளரிடம் சொன்னேன்.

உரிமையாளருக்கு மிகுந்த மகிழ்ச்சி. அருமையாக இருக்கிறது, உடனே சேர்த்துவிட்டேன் என்று புதிய செய்தியை எனக்கே அனுப்பிக் காட்டினார். அன்புடன் வரவேற்று, வைஃபை, துணி, குப்பை, செடி எல்லாம் அப்படியே இருந்தன. நான் எழுதியது பதினோராவது பத்தி.