காலியாக விட்ட கட்டம்

கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி வரிசையில் பஸ் நின்றபோது போன் அதிர்ந்தது. ராத்திரி 9 மணி. தினமும் இந்த நேரத்தில் தானாகக் கேள்வி அனுப்ப நானே எழுதி வைத்த டெலிகிராம் பாட்.

"மனசு எப்படி? 1 முதல் 5. தெம்பு எவ்வளவு? 1 முதல் 5."

4, 2 என்று தட்டினேன். ஓசூர் வேலைக்குப் போய்த் திரும்பும்போது தெம்பு இரண்டைத் தாண்டாது. மனசு என்னவோ நன்றாகத்தான் இருக்கும். தனித்தனியாகக் கேட்பது அதனால்தான்.

பஸ் நகரவில்லை. பதில்கள் சேரும் ஷீட்டைத் திறந்தேன். போன மாதம் மனசின் சராசரி 4.

அட, அவ்வளவு நன்றாகவா இருந்தேன்?

30 வரி இருக்க வேண்டிய இடத்தில் 22தான் இருந்தது. பதில் வந்தால் மட்டும் வரி சேர்க்கும்படி எழுதித் தொலைத்திருக்கிறேன்.

காணாமல் போன 8 தேதிகளைக் காலண்டரில் பார்த்தேன். அதில் 6 நாள், அம்மா தர்மபுரியில் ஆஸ்பத்திரியில். அப்போது யார் உட்கார்ந்து எண் தட்டுவது?

கெட்ட நாள் கணக்கிலேயே ஏறவில்லை. விட்டுப்போனதற்கு 0 போட்டாலும் பொய், 3 போட்டாலும் பொய்.

இனி கேள்வி போகும்போதே தேதியோடு ஒரு வரி பதிவாகும். பதில் வராவிட்டால் கட்டம் காலியாகவே கிடக்கட்டும். சராசரிக்குப் பக்கத்தில் '22/30' என்றும் தெரியட்டும்.

காரிமங்கலம் வருவதற்குள் மாற்றிவிட்டேன்.