கயலுக்கு மூச்சு வந்த கதை – விஷுவல் நாவல் போர்ட்ரெய்ட், 3-வது வாரம்

மூணு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து பண்ணிட்டிருக்கேன், இன்னைக்குத்தான் கயல் பாக்குறதுக்கு ஒரு மனுஷி மாதிரி இருக்கா, அதனால மறக்குறதுக்கு முன்னாடி எழுதி வச்சிடலாம்னு.

கயல் யாருன்னா, வேளச்சேரில இருக்குற என் ஃப்ரெண்ட் எழுதுற விஷுவல் நாவல்ல, அதாவது படமும் வசனமுமா படிச்சுட்டே போற கேம்ல, வர்ற பொண்ணு, பெசன்ட் நகர் பீச்சுல அப்பாவோட சுண்டல் கடை, காட்டன் புடவை, காதுல ஜிமிக்கி. கதையில பாதி வசனம் அவளோடதுதான். முதல்ல அஞ்சாறு முகபாவம் தனித்தனி படமா வரைஞ்சு குடுத்தேன், ஆனா ஒவ்வொரு வசனத்துக்கும் முகம் டக்கு டக்குன்னு மாறுறது ஸ்லைடு ஷோ மாதிரி இருந்துச்சு. சரி ஒரே படத்தை லேயர் லேயரா வெட்டி லைவ்2டி க்யூபிசம்ல போட்டு அசைய வைப்போம்னு இறங்கினேன். கேம் ஓடுறது ரென்பைல, விஷுவல் நாவல் செய்யுற எஞ்சின் அது.

வரையுறது கிரிட்டால, கேன்வாஸ் 1800க்கு 3000 பிக்சல். வெட்டுறதுல ஒண்ணு மட்டும் சொல்லிடறேன், கண்ணுக்குத் தெரியாத இடத்தையும் வரையணும். முடிக்குப் பின்னாடி நெத்தி முழுசா இருக்கணும், தாடைக்குப் பின்னாடி கழுத்து மேல வரைக்கும் ஏறி இருக்கணும், இமைக்குப் பின்னாடி வெள்ளை விழி முழு வட்டமா இருக்கணும். நான் புடவை முந்தானைக்குப் பின்னாடி தோளை வரையாம விட்டுட்டேன், முந்தானை கொஞ்சம் நகர்ந்ததும் அங்க ஒரு ஓட்டை. திரும்பி கிரிட்டாக்குப் போயி நிரப்பி மறுபடி லேயரோட பிஎஸ்டி ஃபைல் எடுத்து... ஒரு ராத்திரி போச்சு. மொத்தம் 34 லேயர் வந்துச்சு.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னா, ஒவ்வொரு லேயர் மேலயும் முக்கோண முக்கோணமா ஒரு வலை விரிக்கிறோம், அதான் மெஷ். வலையோட புள்ளியை இழுத்தா படமும் கூட இழுபடும். அப்புறம் ஒரு பாராமீட்டர், உதாரணத்துக்கு `ParamEyeLOpen`, அதுல 1 வச்சா கண்ணு திறந்திருக்கணும், 0 வச்சா மூடணும்னு ரெண்டு இடத்துல கீ வச்சு ரெண்டு வடிவத்தையும் நாம செஞ்சு குடுக்குறோம். நடுவுல இருக்குற எல்லாத்தையும் சாஃப்ட்வேர் தானா கணக்குப் போட்டுக்கும். அந்த "தானா"லதான் எனக்கு ரெண்டு வாரம் போச்சு. ஏன்னா ஒவ்வொரு புள்ளியும் இங்கேர்ந்து அங்க நேர்கோட்டுல போகும், அவ்ளோதான் அதுக்குத் தெரியும்.

கண்ணை எடுத்துக்கோங்க. திறந்த கண்ணோட மேல் இமைக்கோடு வில்லு மாதிரி மேல வளைஞ்சிருக்கும், மூடினா கீழ வளைஞ்சிருக்கும். ரெண்டையும் அழகா செஞ்சேன், ஸ்லைடரை வேகமா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இழுத்தா கண்ணு சிமிட்டுது, எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் கதைல "கயல் சலிச்சுக்கிட்டா"ன்னு ஒரு இடம், அதுக்கு 0.5ல நிறுத்தினேன், கண்ணு உண்டியல் ஓட்டை மாதிரி ஆயிடுச்சு! மேல வளைஞ்சதுக்கும் கீழ வளைஞ்சதுக்கும் சராசரி எடுத்தா நேர்கோடுதானே வரும், வேற என்ன வரும். சிமிட்டும்போது அந்த நடு நிலை ஒரு நொடில பத்துல ஒரு பங்குக்குள்ள ஓடிடும், யாரும் பாக்க மாட்டாங்க. ஆனா விஷுவல் நாவல்ல வசனத்தைப் படிச்சு முடிக்குற வரைக்கும் அந்த முகம் அப்படியே நிக்கும். கேமரா வச்சு லைவ்ல அவதார் ஓட்டுறவங்களுக்குச் சொல்ற டுட்டோரியல்லாம் இதைக் கண்டுக்காம போறதுக்கும் இதான் காரணம்னு நினைக்கிறேன், அங்க முகம் நிக்கவே நிக்காது.

அதனால 0.5ல மூணாவதா ஒரு கீ சேத்து, இமை பாதி இறங்கினாலும் லேசா வில்லு இருக்குற மாதிரி கையாலேயே புள்ளிகளை நகர்த்தினேன். அப்பவும் கோடு சில இடத்துல தடியா சில இடத்துல ஒல்லியா வந்துச்சு. அது மெஷ் தப்பு. ஆட்டோ மெஷ் போட்டா இமைக்கோட்டுல புள்ளிகள் ஏனோதானோன்னு விழுது. எல்லாத்தையும் அழிச்சிட்டு கோட்டோட மேல் ஓரத்துல ஒரு புள்ளி, நேர் கீழ் ஓரத்துல ஒரு புள்ளின்னு ஜோடி ஜோடியா ஒன்பது ஜோடி வச்சேன், ஏணி மாதிரி. ஜோடியைச் சேத்தே நகர்த்தினா தடிமன் மாறாது. இன்னொரு கூத்து, கருவிழியை வெள்ளை விழிக்குள்ள கிளிப் பண்ணிட்டேன், அதாவது வெள்ளை விழிக்கு வெளிய போற பகுதி தெரியாது, ஆனா விழில மின்னுற வெள்ளைப் புள்ளியை மறந்துட்டேன். கண்ணை மூடினா இமை மேல ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் தனியா மின்னுது.

வாய் இதைவிட மோசம். ரெண்டு பாராமீட்டர், `ParamMouthForm` சோகத்துலேர்ந்து சிரிப்பு வரைக்கும் -1, 0, 1. `ParamMouthOpenY` மூடினது 0, திறந்தது 1. நான் கெட்டிக்காரத்தனமா ஒண்ணு பண்ணேன், சிரிப்பை மொத்த வாய் மேல போட்ட வார்ப் டிஃபார்மர்லயும் (இது மெஷ்ஷுக்கு வெளிய போடுற ஒரு பெரிய கட்டம், உள்ள இருக்குற எல்லாத்தையும் சேத்து வளைக்கும்), திறக்குறதை உதடுகளோட மெஷ்லயும் பிரிச்சு வச்சேன். மூணு வடிவம் பிளஸ் ரெண்டு வடிவம், அஞ்சோட வேலை முடிஞ்சுது பாருன்னு நினைச்சேன். மூடின சிரிப்பு சூப்பர். சாதாரணமா திறந்த வாய் சூப்பர். ரெண்டும் சேந்தா வாழைப்பழம். உதட்டு ஓரத்தை மேல தூக்குற அதே கட்டம், திறந்து கீழ போன கீழுதட்டையும் பிடிச்சு வளைச்சிடுது, பல்லெல்லாம் வளைஞ்சு போச்சு. நிஜத்துல வாய் திறந்து சிரிச்சா ஓரம்தான் மேல போகும், கீழுதடு நடுவுல நல்லா இறங்கிதான் இருக்கும்.

பேசாம ரெண்டு பாராமீட்டரையும் உதட்டு மெஷ்லயே வச்சு, மூணு இன்டு ரெண்டு ஆறு வடிவத்தையும் ஒண்ணொண்ணா செஞ்சேன். மேலுதட்டுக்கோடு, கீழுதட்டுக்கோடு, வாயோட உள்பக்கம்னு மூணு லேயர், மூணுக்கும் ஆறாறு. பல்லும் நாக்கும் உள்பக்கத்துக்குள்ள கிளிப் ஆகி இருக்கறதால அதுங்களைத் தொடவேண்டாம், தப்பிச்சேன். கவனிக்க வேண்டியது, உள்பக்கத்தோட ஓரப் புள்ளிகள் உதட்டுக்கோட்டோட புள்ளிகளுக்கு நேர் அடியிலயே இருக்கணும். இல்லன்னா ஆறு மூலைலயும் ஒட்டிக்கிட்டு நிக்கும், நடுவுல போகும்போது ஆளுக்கொரு வழில போயி உதட்டுக்கும் வாய்க்கும் நடுவுல தோல் கலர் கீத்து தெரியும். சரியான்னு பாக்க ஸ்லைடரை இழுத்துப் பாக்காதீங்க, 0.3, 0.5, 0.7ல நிறுத்தி ஜூம் பண்ணிப் பாருங்க.

இப்ப மூச்சு. ஈஸின்னு நினைச்சு கடைசிக்கு வச்சிருந்தேன். உடம்பு, பிளவுஸ், புடவை, கழுத்து எல்லாத்தையும் ஒரு வார்ப் டிஃபார்மருக்குள்ள போட்டு, `ParamBreath` 0ல சும்மா, 1ல தோள் வரிசையை 40 பிக்சல் தூக்கினேன். சாப்பிடக் கூப்பிட வந்த அம்மா ஸ்கிரீனைப் பாத்துட்டு "ஏன்டி, இவளுக்கு வீசிங்கா?"ன்னு கேட்டாங்க. கரெக்ட்தான், 3000 பிக்சல் படத்துல மேல 2700 மட்டும் 1080 ஸ்கிரீன்ல வரும்போது அந்த 40 பதினாறு பிக்சல் ஆகுது, யாரும் சும்மா நிக்கும்போது அவ்ளோ தோள் தூக்க மாட்டாங்க. குறைச்சு குறைச்சு 9ல நின்னேன், ஸ்கிரீன்ல மூணு நாலு பிக்சல். கட்டத்தோட அடி வரிசையை அசைக்கவே இல்ல, அசைச்சா ஆளே மிதக்குற மாதிரி ஆகுது.

ஆனா கழுத்து ஏறுது, தலை அங்கேயே நிக்குது, ஒவ்வொரு மூச்சுக்கும் தாடை கழுத்துக்குள்ள முங்கி எழுது, ஆமை மாதிரி. தலையை மொத்தமா சுத்துற ரொட்டேஷன் டிஃபார்மரை உடம்போட வார்ப்புக்குள்ள பிள்ளையா போட்டதும் தலையும் கூட ஏற ஆரம்பிச்சுது. அதோட புதுசா ஒரு கோளாறு, தலை லேசா சாயுது. எங்கயும் நான் சாய்க்கவே இல்லையேன்னு ஒரு மணி நேரம் தேடினேன். வார்ப்புக்குள்ள இருக்குற ரொட்டேஷன் டிஃபார்மர், அது நிக்குற இடத்துல கட்டம் எந்தப் பக்கம் சாயுதோ அதுவும் அந்தப் பக்கம் திரும்பிக்கும். நான் மேல் வரிசைல இடது தோளை 9, வலது தோளை 6னு தூக்கியிருந்தேன், இயல்பா இருக்கட்டுமேன்னு. கழுத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்குற புள்ளிகளை ஒரே அளவு ஆக்கினதும் தலை நிமிந்துடுச்சு. முந்தானை நுனி கட்டத்துக்கு வெளிய நீட்டிட்டிருந்துச்சு, அது கண்டபடி இழுபட்டுச்சு, கட்டத்தையே பெருசாக்கி உள்ள கொண்டுவந்தேன்.

வேகம் எவ்ளோன்னு தெரிய, மத்தியானம் தூங்கிட்டிருந்த தங்கச்சி பக்கத்துல உக்காந்து போன் ஸ்டாப்வாட்ச் வச்சு எண்ணினேன், நிமிஷத்துக்கு 15. அப்போ ஒரு மூச்சுக்கு 4 செகண்ட். இழுக்குறது சீக்கிரமா, விடுறது மெதுவா இருந்துச்சு. சும்மா சைன் அலை போட்டா ரெண்டும் சமமா வந்து பம்பு அடிக்கிற மாதிரி தெரியும், அதனால 1.6 செகண்ட் இழுக்க, 2.4 செகண்ட் விட:

```
init python:
    import math
    def moochu(model, st):
        t = st % 4.0
        if t < 1.6:
            v = 0.5 - 0.5 * math.cos(math.pi * t / 1.6)
        else:
            v = 0.5 + 0.5 * math.cos(math.pi * (t - 1.6) / 2.4)
        model.blend_parameter("ParamBreath", "Overwrite", v)
        return 0

image kayal = Live2D("live2d/kayal", base=0.9, update_function=moochu)
```

கடைசில 0 ரிட்டர்ன் பண்றது ஒவ்வொரு ஃபிரேமுக்கும் திரும்பக் கூப்பிடுன்னு சொல்றதுக்கு. ரென்பைக்குள்ள க்யூபிசத்தோட நேட்டிவ் எஸ்டிகேவைத் தனியா இறக்கிப் போட்டாத்தான் இதெல்லாம் ஓடும். முகபாவ ஃபைல்கள்ல கண்ணு, புருவம், வாய் மட்டும் வச்சேன், `ParamBreath`ஐ அதுல சேக்கல, மூச்சு இந்த ஃபங்ஷன் கைலயே இருக்கட்டும்னு.

ஃப்ரெண்டுக்கு அனுப்பினேன். பயம் வர்ற சீனுக்கு மூச்சு வேகமாகுமான்னு கேக்குறான். 4.0, 1.6, 2.4 மூணையும் வேரியபிளா மாத்தினா ஆகும், ஆனா நடுவுல மாத்தினா மூச்சு பாதில குதிக்குது, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிட்டே போற மாதிரி எழுதணும், அது இந்த வாரம். ஜிமிக்கி இன்னும் ஃபெவிகால் போட்டு ஒட்டின மாதிரிதான் நிக்குது.