பேரு வந்துச்சு, குரல் வரல

மார்ச் 18, 2024

வாய்ஸ் மெசேஜை எழுத்துல மாத்திக் குடுக்கச் சொல்லி ஒரு அக்கா மெயில் போட்டிருந்தாங்க. அண்ணன் தங்கச்சிக்குள்ள சொத்துப் பிரச்சனை, வக்கீல் கேக்குறாராம். திறந்து பாத்தா வாட்ஸ்அப் சாட்டோட txt ஃபைல் மட்டும்தான் இருக்கு, அதுல இந்த வரி:

```
14/03/24, 9:42 pm - அண்ணன்: PTT-20240314-WA0007.opus (file attached)
```

ஒலி ஃபைல் எதுவும் மெயில்ல ஒட்டிட்டு வரல. இந்தப் பேர்ல இருந்து தெரியறது இவ்ளோதான்: அமுக்கிப் பேசுன வாய்ஸ் நோட்டு, 14ஆம் தேதி, அந்த ஃபோன்ல அன்னிக்கு சேவ் ஆனதுக்கு ஒரு வரிசை நம்பர். எவ்ளோ நேரம் பேசினார்னு கூட அதுல இல்ல.

அதுக்குக் கீழயே அக்காவோட பதில், "சரிண்ணா, 15க்குள்ள குடுத்துடுறேன்". ஃபோன் பண்ணி ஃபைல் வரலைக்கான்னு சொன்னதுக்கு, "பணம்தாம்மா கேட்டிருப்பாரு, பதினஞ்சாயிரம்னு நீயே எழுதிடேன்"ங்கிறாங்க. மாட்டேன்னுட்டேன். கேக்காத பேச்சை அவர் வாயில வச்சு எப்படி எழுதுறது, அதுவும் வக்கீல் கைக்குப் போற தாள்ல? இப்போதைக்கு அந்த இடத்துல [ஒலி வரவில்லை]ன்னு போட்டு ஃபைல் பேரையும் நேரத்தையும் அப்படியே எழுதி வச்சிருக்கேன்.

மார்ச் 19

காலைல ஃபைல் வந்துச்சு, அதே பேரு, ஒரு எழுத்து மாறல. போட்டுக் கேட்டா ஒரு பொண்ணு புடவைக்கு ஃபால்ஸ் தைக்கிறதைப் பத்திப் பேசிட்டிருக்கு! அப்புறம் விசாரிச்சா அக்காவோட மக தன்னோட ஃபோன்ல அந்தப் பேரைத் தேடி எடுத்து அனுப்பியிருக்கு. அந்த நம்பரை ஒவ்வொரு ஃபோனும் தனித்தனியா போடுது, அதனால ஒரே பேர்ல ரெண்டு ஃபோன்ல ரெண்டு வேற பேச்சு இருக்கலாம். சாட் எந்த ஃபோன்ல எடுத்ததோ அதே ஃபோன்ல இருந்துதான் ஒலியும் வரணும். அண்ணனையே திரும்ப அனுப்பச் சொல்லட்டுமான்னு அக்கா கேட்டாங்க, வேணாம்னேன், புதுசா அனுப்பினா இன்னிக்குத் தேதியில வேற பேரு ஆயிடும், அப்புறம் சாட்ல இருக்குற வரியோட பொருந்தாது.

அக்கா ஃபோன்ல WhatsApp Voice Notes ஃபோல்டருக்குப் போகச் சொன்னேன். உள்ள வருஷமும் வார நம்பரும் சேந்த பேர்ல வாரத்துக்கு ஒரு ஃபோல்டரா இருக்கும், மார்ச் ரெண்டாவது வாரத்துல தேடினதுல கிடைச்சிருச்சு.

மார்ச் 20

சைஸ் 45 கேபி. வாட்ஸ்அப் குரலுக்கு செகண்டுக்கு சுமாரா ரெண்டு, ரெண்டரை கேபி பிடிக்கும், அப்போ இருபது செகண்ட் கிட்ட வரணும், வந்ததும் 19 செகண்ட். சாட்ல அந்த வரிக்கு நேரா அக்கா ஃபோன்ல காட்டுற நீளமும் 0:19தான். ஆம்பளைக் குரல், அக்காவும் கேட்டுட்டு அண்ணன்தான்னு சொல்லிட்டாங்க. இப்பதான் எழுதவே ஆரம்பிச்சேன்:

"பாப்பா, பத்திரத்தோட ஜெராக்ஸ் ஒண்ணு எடுத்து பதினஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துரு, [தெளிவில்லை 0:11] கேட்டா நான் பேசிக்கிறேன்."

பணம்ங்கிற பேச்சே இல்ல. அந்த 0:11ல பின்னாடி பஸ் ஹாரன் அடிக்குது, நாலு தடவ ஹெட்ஃபோன்ல கேட்டும் யாரைச் சொல்றார்னு பிடிபடல, அதை அப்படியே விட்டுட்டு அனுப்பிட்டேன்.