பகுதிநேர முனைவர் பட்டம்: தடையின்மைச் சான்றின் மூன்றாவது வரி

மாநில அரசுத் துறை ஒன்றின் மாவட்ட அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். எம்.ஏ. பொருளாதாரம் முடித்துப் பதினோரு வருடம் கழித்து, 2024இல் பகுதிநேர முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பித்தேன். நுழைவுத் தேர்வுக்குப் படிப்பதும் நெறியாளரைத் தேடுவதும்தான் பெரிய வேலை என்று நினைத்திருந்தேன். உண்மையில் ஜூனில் தொடங்கி அக்டோபர் வரை இழுத்தது அலுவலகத்திலிருந்து வாங்க வேண்டிய தடையின்மைச் சான்று.

ஜூன் முதல் வாரத்தில் கடிதம் எழுதிப் பிரிவில் கொடுத்தேன். "பகுதிநேரமாக பி.எச்டி. படிக்க விரும்புகிறேன், தடையின்மைச் சான்று வழங்க வேண்டுகிறேன்" என்று நான்கு வரி, அவ்வளவுதான். அங்கேயே முதல் தவறு. எந்தப் பல்கலைக்கழகம், எந்தத் துறை, எத்தனை வருடம், வகுப்பு எந்தக் கிழமை என்று எதையும் நான் சொல்லவில்லை. கோப்பு எழுதுபவர் கையில் விவரம் இல்லையென்றால் பழைய கோப்பில் இருக்கும் வாசகத்தைத்தான் எடுத்துப் போடுவார். ஜூலை நடுவில் வந்த சான்றும் அப்படித்தான் இருந்தது: "மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க ஆட்சேபணை இல்லை. அலுவலகப் பணிக்கு இடையூறு இருத்தல் கூடாது. இதன் பொருட்டு விடுப்போ வேறு சலுகையோ வழங்கப்பட மாட்டாது." கீழே மாவட்ட அலுவலரின் கையெழுத்து, முத்திரை. கையில் வாங்கியபோது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆகஸ்டில் நேர்காணல் முடிந்து சான்றிதழ் சரிபார்க்கும்போது, பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த அம்மா அதைப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "இது விண்ணப்பிக்கத்தான் அனுமதி, படிக்க அனுமதி இல்லையே. அப்புறம், மூணு விஷயம் இருக்கணும், ஒண்ணுகூட இல்லை" என்றார். சரியான சான்று கொண்டுவர இரண்டு மாதம் அவகாசம் கிடைத்தது.

அந்த மூன்று விஷயம் 2022 நவம்பரில் வெளியான யுஜிசியின் முனைவர் பட்ட ஒழுங்குமுறையில் இருக்கிறது. வேலையில் இருப்பவர் பகுதிநேரமாகச் சேர்ந்தால், அவர் வேலை செய்யும் நிறுவனத்தின் உரிய அதிகாரியிடமிருந்து பெற்ற சான்று தெளிவாக மூன்றைச் சொல்ல வேண்டும். ஒன்று, பகுதிநேரமாகப் படிக்க இவருக்கு அனுமதி உண்டு. இரண்டு, ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் ஒதுக்க இவருடைய பணி இடம் கொடுக்கிறது. மூன்று, தேவைப்பட்டால் பாடப் படிப்பை, அதாவது கோர்ஸ்வொர்க்கை, முடிக்க இவர் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார். என் கையில் இருந்த சான்று முதல் இரண்டைச் சொல்லவில்லை. மூன்றாவதுக்கு நேர் எதிராகச் சொல்லியிருந்தது.

ஒழுங்குமுறையின் அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு கண்காணிப்பாளரிடம் போனேன். முதல் இரண்டு வரியில் அவருக்குச் சிக்கல் இல்லை. மூன்றாவதைப் படித்ததும் நிமிர்ந்து பார்த்தார். "விடுவிக்கப்படுவார்னு நான் எழுதி வச்சா, நாளைக்கு நீங்க மூணு வருஷம் லீவு கேட்டு நின்னா என்னம்மா பண்றது? தணிக்கையில யார் பதில் சொல்றது?" என்றார். அன்று எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டுக்கு வந்து யோசித்தபோது, அவர் இருக்கையில் நான் இருந்தாலும் இதையே கேட்டிருப்பேன் என்று தோன்றியது. எத்தனை நாள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எல்லை தெரியாத ஒன்றுக்கு எந்த அலுவலகமும் கையெழுத்துப் போடாது.

ஆகவே அந்த எல்லையை எழுத்தில் வாங்கினேன். முனைவர் பட்டம் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம் என்பதுதான் பொது விதி. ஆனால் மூன்றாவது வரி பேசுவது கோர்ஸ்வொர்க்கை மட்டும். அதற்கு ஒழுங்குமுறை கேட்பது குறைந்தது 12 கிரெடிட். பல்கலைக்கழகத் துறைத் தலைவரிடம் நிலைமையைச் சொன்னேன். பகுதிநேர மாணவர்களுக்குச் சனிக்கிழமைகளில் வகுப்பு, தேர்வுக்கு நான்கு வேலை நாள், ஆராய்ச்சி முறையியல் பயிலரங்குக்கு ஐந்து வேலை நாள் என்று துறையின் தாளில் கடிதம் கொடுத்தார். எங்களுக்குச் சனிக்கிழமை விடுமுறை. ஆக அலுவலகம் எனக்கு விட்டுக்கொடுக்க வேண்டியது மொத்தம் ஒன்பது வேலை நாள். என் கணக்கில் ஈட்டிய விடுப்பு 140 நாள் இருந்தது.

இந்த ஒன்பதைச் சொன்னதும் பேச்சே மாறிவிட்டது. கண்காணிப்பாளர் தாமே பென்சிலை எடுத்து மூன்றாவது வரியை எழுதினார்: "பாடப் படிப்பை முடிக்கத் தேவைப்படும் நாட்களில், அவர் கணக்கில் உள்ள தகுதியான விடுப்பின் பேரில் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்." பல்கலைக்கழகம் கேட்ட 'விடுவிக்கப்படுவார்' இதில் இருக்கிறது. அலுவலகத்துக்கு வேண்டிய விடுப்பு விதியும் இருக்கிறது. ஆராய்ச்சிப் பிரிவில் காட்டி, இந்த வாசகம் போதும் என்று உறுதி செய்துகொண்ட பிறகே கோப்பை மேலே அனுப்பச் சொன்னேன். கையெழுத்தான பிறகு திருத்துவதைவிட வரைவிலேயே காட்டிவிடுவது நல்லது. இதை முதலிலேயே செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

அடுத்த கேள்வி, யார் கையெழுத்து. மாவட்ட அலுவலரே போடலாம் என்று பிரிவில் சொன்னார்கள். பல்கலைக்கழகமும் அதை மறுத்திருக்காது. ஆனால் இரண்டு வருடத்தில் எனக்கு இடமாறுதல் வரலாம். ஒரு மாவட்ட அலுவலர் கொடுத்த சான்றை அடுத்த மாவட்டத்தில் இருப்பவர் ஏற்கத்தான் வேண்டும் என்று இல்லை. அதனால் தாமதமானாலும் பரவாயில்லை என்று துறைத் தலைமை அலுவலகத்துக்கே அனுப்பும்படி கேட்டுக்கொண்டேன். ஐந்து வாரம் கூடுதலாக ஆனது. இடமாறுதல் உள்ள பணியில் இருப்பவர்கள் இந்த ஐந்து வாரத்தைக் கொடுத்துவிடுவது மேல் என்பேன்.

தலைமை அலுவலகம் என்னிடம் உறுதிமொழி ஒன்று கேட்டது. படிப்புச் செலவு முழுவதும் என்னுடையது, படிப்பைக் காரணம் காட்டி இடமாறுதலை மறுக்க மாட்டேன், அலுவலக ஆவணங்களையும் புள்ளிவிவரங்களையும் அனுமதி இல்லாமல் ஆய்வுக்குப் பயன்படுத்த மாட்டேன் என்று மூன்று நிபந்தனை. முதல் இரண்டில் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்றாவதில் நின்றேன். நான் எடுத்திருந்த தலைப்பு எங்கள் துறையின் மானியத் திட்டம் பற்றியது. தினமும் என் மேசைக்கு வரும் பதிவேடுகளை மனத்தில் வைத்துத்தான் யோசித்திருந்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு அந்தப் பதிவேடுகளைத் தொட்டால் அது ஒழுங்கு நடவடிக்கையில் போய் முடியலாம். நெறியாளரிடம் பேசினேன். பயனாளிகளை நேரில் சந்தித்து நானே தரவு சேகரிப்பது என்று ஆய்வுத் திட்டத்தை மாற்றிய பிறகே உறுதிமொழியில் கையெழுத்திட்டேன். இந்த நிபந்தனை எல்லா அலுவலகத்திலும் எழுத்தில் வரும் என்று இல்லை. வராவிட்டாலும், தன் அலுவலகத் தரவை நம்பித் தலைப்பு எடுப்பவர் அதற்குத் தனியாக அனுமதி வாங்கிவிட வேண்டும். தடையின்மைச் சான்று அதையும் சேர்த்துக் கொடுப்பதில்லை.

அக்டோபர் இரண்டாம் வாரத்தில் சான்று வந்தது. என் பெயர், பதவி, பல்கலைக்கழகம், துறை, பகுதிநேரம் என்ற சொல், மூன்று வரிகள், கோப்பின் ந.க. எண், தேதி எல்லாம் இருந்தன. அவகாசம் முடிய ஆறு நாள் இருக்கும்போது கொண்டுபோய்க் கொடுத்தேன். அசலைப் பல்கலைக்கழகம் வைத்துக்கொண்டது. ஒரு நகலைப் பணிப்பதிவேட்டில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன், இன்னொன்று என்னிடம் இருக்கிறது.

இந்த வருடம் மார்ச்சில் பயிலரங்குக்காக ஐந்து நாள் ஈட்டிய விடுப்புக்கு விண்ணப்பித்தேன். அது நிதியாண்டு முடியும் மாதம், யாருக்கும் எளிதில் விடுப்புக் கிடைக்காது. விண்ணப்பத்தில் 'பார்வை' என்ற இடத்தில் அந்த ந.க. எண்ணையும் தேதியையும் எழுதி, நகலை இணைத்தேன். கண்காணிப்பாளர் மூன்றாவது வரியை ஒருமுறை படித்துவிட்டு, அன்றைக்கே பரிந்துரை எழுதி அனுப்பினார்.