பாசிப்பயறு புராஜெக்டை இங்கிலீஷ் வடிவத்துக்கு மாற்றிய அனுபவம்

அக்கா மகள் ஒன்பதாம் வகுப்பு, தமிழ் வழி. உப்புத் தண்ணீரில் பாசிப்பயறு எவ்வளவு முளைக்கிறது என்று பார்த்து ஒரு அறிவியல் புராஜெக்ட் செய்திருந்தாள். நான்கு தட்டு, தட்டுக்கு 20 பயறு. ஒன்றில் வெறும் தண்ணீர். மற்றவற்றில் 100 மி.லி. தண்ணீருக்கு அரை கிராம், ஒரு கிராம், இரண்டு கிராம் என்று சமையல் உப்பு. முளைத்தவை முறையே 19, 16, 9, 1. சோதனை எளிமையானது, முடிவும் தெளிவாக வந்திருக்கிறது. அடுத்த கட்டக் கண்காட்சிக்கு அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். அதைத்தான் இப்போது இருவரும் உட்கார்ந்து மாற்றிக்கொண்டிருக்கிறோம்.

கலைச்சொற்களுக்கு முதலில் கையில் எடுத்தது பாடப்புத்தகத்தைத்தான், அகராதியை அல்ல. நம் மாநிலப் பாடத்திட்டத்தில் தமிழ் வழிப் புத்தகமும் ஆங்கில வழிப் புத்தகமும் ஒரே பாட வரிசையில் வருகின்றன. தமிழில் ஒரு சொல் எந்தப் பாடத்தில், எந்தப் படத்துக்குக் கீழே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு, ஆங்கிலப் புத்தகத்தில் அதே இடத்தைத் திறந்தால் இணைச்சொல் அங்கேயே இருக்கும். சவ்வூடு பரவலுக்கு ஆஸ்மோசிஸ், உள்ளீர்த்தலுக்கு இம்பிபிஷன், முளைவேருக்கு ராடிக்கிள், செறிவுக்கு கான்சென்ட்ரேஷன் என்று இப்படியே கிடைத்துவிட்டன. படத்தோடு பார்ப்பதால் பிள்ளைக்கும் எந்தப் பொருளுக்கு எந்தப் பெயர் என்பது மனதில் நிற்கிறது.

இணையத்தில் கிடைக்கும் சொற்பட்டியல்களில் கவனம் வேண்டும். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களின் வழக்கு வேறு. அங்கே மாஸ் என்பது திணிவு, வெயிட் என்பது நிறை. நம் புத்தகத்தில் மாஸ்தான் நிறை, வெயிட் என்பது எடை. ஆஸ்மோசிஸை அங்கே பிரசாரணம் என்பார்கள். இரண்டும் நல்ல தமிழ்தான், ஆனால் இரண்டு பட்டியலையும் கலந்து எடுத்தால் இவள் எழுதிய 'முளைகளின் நிறை' ஆங்கிலத்தில் வெயிட் ஆகிவிடும். அதனால் ஒரே புத்தக வரிசை என்று வைத்துக்கொண்டோம்.

சொற்கள் சேர்ந்தபின் வடிவத்துக்கு வந்தோம். பள்ளி நோட்டில் நோக்கம், தேவையான பொருள்கள், செய்முறை, காண்பன, அறிவன என்று இருந்தது. காண்பன ரிசல்ட்ஸுக்கும், அறிவன டிஸ்கஷனுக்கும் போகும் என்று நினைக்கத் தோன்றும். பாதிதான் போகிறது. அவள் காண்பன பகுதியில் 'உப்பு அதிகமானதால் விதைக்குள் நீர் செல்லவில்லை' என்று ஒரு வரி இருந்தது. விதைக்குள் நீர் போனதா இல்லையா என்பதை அவள் அளக்கவில்லை. அது காரணம் பற்றிய ஊகம். எண்கள் மட்டும் ரிசல்ட்ஸில் நின்றன, அந்த வரி டிஸ்கஷனுக்குப் போனது.

செய்முறை வேறு வகை வேலை. 'ஒரு தட்டில் 20 விதைகளை எடுத்துக்கொள்ள வேண்டும்' என்று சமையல் குறிப்பு போல இருந்தது. ஆங்கில அறிக்கையில் செய்து முடித்ததை இறந்த காலத்தில் சொல்வதுதான் வழக்கம். வினையை மாற்றத் தொடங்கியதுமே கேள்விகள் வந்தன. 'எடுக்க வேண்டும்' என்றால் யாரும் எதையும் கேட்பதில்லை. 'எடுத்தேன்' என்றால் எந்தத் தட்டு, எவ்வளவு தண்ணீர், எங்கே வைத்தாய் என்று கேட்கத் தோன்றுகிறது. 'மாமா, நாலு தட்டும் அடுப்பங்கரை அலமாரியிலதான் இருந்துச்சு, ஒரே தட்டுலதான்' என்றாள். அதாவது ஒரே அடுக்கில். இது அவள் அறிக்கையில் எங்குமே இல்லாத தகவல், ஆனால் ரொம்ப முக்கியமானது.

ஏனென்றால் இங்கேதான் 'கட்டுப்பாடு' என்ற சொல் வந்தது. வெறும் தண்ணீர் வைத்த தட்டை அவள் அப்படிக் குறித்திருந்தாள். அது ஆங்கிலத்தில் கன்ட்ரோல், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் தட்டு. எல்லாத் தட்டிலும் ஒரே மாதிரி வைத்திருக்கும் வெப்பம், வெளிச்சம், பயறின் எண்ணிக்கை, ஊற்றிய நீரின் அளவு ஆகியவை கன்ட்ரோல்டு வேரியபிள்ஸ். இரண்டும் வேறு வேறு. நோட்டில் இரண்டுக்கும் ஒரே சொல் நின்றது. ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிப் பார்த்தபோது இரண்டாவது பட்டியல் காலியாக இருந்தது. அடுப்பங்கரை அலமாரி, ஒரே அடுக்கு, ஒரே கடையில் வாங்கிய பயறு எல்லாம் அங்கே போய் நிரம்பின. மாற்றியது உப்பின் அளவு, அது சாராமாறி. அளந்தது முளைத்த எண்ணிக்கை, அது சார்ந்த மாறி. கணக்குப் புத்தகத்தில் படித்த சொற்கள் என்பதால் இதைப் புரிந்துகொள்ள அவளுக்குச் சிரமமே இல்லை.

அப்புறம் 'மூன்றாம் நாள் எண்ணினேன்' என்ற வரி. திங்கள் காலை வைத்தாள், புதன் காலை எண்ணினாள். நம் கணக்கில் திங்கள் முதல் நாள், அதனால் புதன் மூன்றாம் நாள். படிக்கிறவர் மூன்று நாள் கழித்து என்று எடுத்துக்கொண்டால் 72 மணி நேரமாகிவிடும். உண்மையில் 48 மணி நேரம்தான். பாசிப்பயறு விறுவிறுவென்று முளைக்கும் பயறு. ஒரு நாள் கூடினால் எண்ணிக்கையே மாறலாம். நாளை விட்டுவிட்டு மணி நேரத்தில் எழுதினோம்.

முளைத்தது என்றால் என்ன என்பதையும் எழுத வேண்டியிருந்தது. ஊறிய பயறின் தோல் வெடித்து நிற்கும். அது உள்ளீர்த்தல் மட்டும்தான், செத்த விதைகூட ஊறி உப்பும். முளைவேர் வெளியே நீட்டினால்தான் முளைத்த கணக்கு. அவள் வெள்ளை முனை தெரிந்ததை மட்டும் எண்ணியிருக்கிறாள் என்பது கேட்டபோது தெரிந்தது. நல்லவேளையாக எண்கள் அப்படியே நின்றன. முளைவேர் தோலைக் கிழித்து வெளியே தெரிந்தவை மட்டும் எண்ணப்பட்டன என்று மெத்தடில் ஒரு வரி சேர்த்தோம். அட்டவணையில் 20-க்கு இத்தனை என்றிருந்ததை 95, 80, 45, 5 சதவீதமாக மாற்றி, பக்கத்திலேயே அசல் எண்ணிக்கையையும் விட்டுவைத்தோம். 20 விதைதான் என்பது படிக்கிறவருக்குத் தெரிய வேண்டும். ஒரு விதை மாறினாலே 5 சதவீதம் நகர்ந்துவிடும்.

அதிக நேரம் பிடித்தது அறிவனவின் கடைசி வரி: 'அதிக உப்பு விதைகளைக் கொன்றுவிடும்.' இதை அப்படியே ஆங்கிலமாக்குவது ஒரு நிமிட வேலை. ஆனால் முளைக்காத விதை செத்த விதை என்று எப்படித் தெரியும்? உப்புக் கரைசலில் நீரை உறிஞ்ச முடியாமல் காத்திருக்கலாம். உப்பே உள்ளே போய் நஞ்சாகியும் இருக்கலாம். இரண்டையும் ஓரளவுக்குப் பிரித்துப் பார்க்க வழி உண்டு: முளைக்காத விதைகளை நன்றாகக் கழுவி வெறும் தண்ணீரில் வைத்துப் பார்க்க வேண்டும். பழைய விதைகள் இல்லை என்பதால் இரண்டு கிராம் தட்டை மட்டும் அவள் புதிதாக வைத்தாள். இந்த முறை 48 மணி நேரத்தில் ஒன்றுகூட முளைக்கவில்லை. இருபதையும் கழுவி நல்ல தண்ணீரில் மாற்றினாள். அடுத்த இரண்டு நாளில் 13 முளைத்துவிட்டன.

ஆக, கொன்றுவிடும் என்று எழுத முடியாது. பெரும்பாலானவற்றில் முளைப்பு தடைபட்டது, உப்பை நீக்கியதும் மீண்டது என்று எழுதலாம். மீதி ஏழு செத்தவையா, தாமதமானவையா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. அதையும் டிஸ்கஷனில் போட்டோம். தமிழ் நோட்டிலும் அந்த வரியை அடித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டாள்.

பொருள்கள் பட்டியலில் சோடியம் குளோரைடு என்று போட்டால் கெத்தாக இருக்கும் என்றாள். அவள் போட்டது அயோடின் கலந்த பாக்கெட் உப்பு, அதனால் காமன் சால்ட், அயோடைஸ்டு என்றே இருக்கிறது. பயறுக்கு கிரீன் கிராம் என்ற பெயரோடு விக்னா ரேடியேட்டா என்ற அறிவியல் பெயரைச் சாய்வெழுத்தில் சேர்த்தோம்.

இன்னும் சுருக்கம் எழுதவில்லை. ஒவ்வொரு அளவுக்கும் ஒரே தட்டுதான் வைத்தாள் என்பதால், அதற்கு முன் அளவுக்கு மூன்று தட்டாக முழுச் சோதனையையும் மறுபடி வைக்கிறாள். சனிக்கிழமை பயறு ஊறுகிறது.